இணைப்பில் ரொக்கமா, பங்கா: நட்டம் யார் தலையில் விழும் என்று கணக்கிடுவது எப்படி?

ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கப்போகிறது என்று செய்தி வந்தால் எல்லோர் கண்ணும் முதலில் விலைக்குத்தான் போகும். எத்தனை கோடி, சந்தை விலையைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்று பேசிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். விலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு தகவல் இருக்கும்: கொடுப்பது ரொக்கமா, வாங்குபவரின் பங்கா? என்னைக் கேட்டால், இணைப்புச் செய்திகளைப் படிக்கத் தொடங்குகிறவர் விலையைவிட இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இணைந்த நிறுவனம் நாளைக்கு எதிர்பார்த்தபடி வளராவிட்டால் அந்த நட்டம் யாருக்கு, வளர்ந்தால் லாபம் யாருக்கு என்பதை முடிவு செய்வது இதுதான்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பெரிய நிதிப் படிப்பு வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும். கீழே உள்ள உதாரணத்தை ஒரு தாளில் கூடவே போட்டுக்கொண்டு வாருங்கள். எந்த நாட்டு நாணயமானாலும் கணக்கு ஒன்றே என்பதால் நாணயத்தின் பெயரை விட்டுவிட்டேன்.

முதல் படி: நான்கு எண்களை எழுதுங்கள்

வாங்கும் நிறுவனத்துக்கு 10 கோடிப் பங்குகள், ஒரு பங்கின் விலை 100. மொத்த மதிப்பு 1,000 கோடி. விற்கப்படும் நிறுவனத்துக்கு 4 கோடிப் பங்குகள், விலை 75. மொத்த மதிப்பு 300 கோடி. வாங்குபவர் பங்கு ஒன்றுக்கு 100 தருவதாகச் சொல்கிறார். அப்படியானால் கொடுக்கும் தொகை 400 கோடி.

இந்த 400 கோடியில் 300 கோடி, அந்த நிறுவனம் தனியாக இருந்தாலும் சந்தை தரும் மதிப்பு. மீதி 100 கோடிதான் பிரீமியம். நான்காவது எண், இணைப்பால் புதிதாக உருவாகும் மதிப்பு, அதாவது சினர்ஜி. இரண்டு கிடங்குகள் ஒன்றாவது, ஒரே விற்பனைக் குழு இரண்டு பொருட்களையும் விற்பது, இரண்டு தலைமை அலுவலகங்களில் ஒன்றை மூடுவது போன்றவற்றால் பல ஆண்டுகளில் வரும் மிச்சத்தையும் வருவாயையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த தொகை அது. வாங்குபவர் 150 கோடி என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் மூன்று எண்களும் கண்ணுக்குத் தெரிபவை. நான்காவது வெறும் எதிர்பார்ப்பு. பிரீமியத்தை ஒப்பந்தம் முடியும் நாளிலேயே கொடுத்தாக வேண்டும். சினர்ஜி வரலாம், பாதி வரலாம், வராமலே போகலாம். சில சமயம் இரண்டு கணினி அமைப்புகளை ஒன்றாக்கும் செலவும், நல்ல ஊழியர்கள் விலகிப் போவதும் சேர்ந்து அதை எதிர்மறையாகவே ஆக்கிவிடும். இணைப்பின் ஆபத்து முழுவதும் இந்த நான்காவது எண்ணுக்குள்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: ரொக்கம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்

ரொக்கமாகக் கொடுத்தால் விற்கும் பங்குதாரர் 400 கோடியை வாங்கிக்கொண்டு விலகிவிடுகிறார். 300 கோடிக்குச் சந்தையில் இருந்ததை 400 கோடிக்குக் கொடுத்ததால் அவருக்கு 100 கோடி லாபம். இணைந்த நிறுவனம் பிறகு உயர்ந்தாலும் சரிந்தாலும் அந்த 100 கோடி மாறாது. ஒப்பந்தம் முடியாமல் போய்விடுமோ என்ற ஆபத்து மட்டும் அவருக்கு உண்டு. அதனால்தான் அறிவிப்புக்குப் பிறகும் விற்கப்படும் நிறுவனத்தின் பங்கு பெரும்பாலும் சொன்ன விலைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும்.

வாங்கும் பங்குதாரரின் கணக்கு இது:

```
வாங்குபவர் லாபம் = சினர்ஜி − பிரீமியம்
```

150 கோடி சினர்ஜி வந்தால் 50 கோடி லாபம். எதுவுமே வராவிட்டால் 100 கோடி நட்டம். நட்டத்தில் பங்குபோட யாருமில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்று புதியவர்கள் கேட்காமல் விட்டுவிடுவது வழக்கம். கையிருப்பில் இருந்து கொடுத்தால், அந்தக் கையிருப்பும் முதலில் சொன்ன 1,000 கோடி மதிப்பின் ஒரு பகுதிதான். கொடுத்தபின் அது அங்கே இருக்காது. கடன் வாங்கிக் கொடுத்தால் மேலே உள்ள சூத்திரம் மாறாது, ஆனால் அதே வாங்கும் பங்குதாரர்கள் இனி கடன் சுமையோடு இணைந்த நிறுவனம் முழுவதையும் தாங்குகிறார்கள். நிலைமை மிக மோசமானால்தான் கடன் கொடுத்தவருக்கும் அடி விழும். எனவே ‘முழுவதும் ரொக்கம்’ என்ற வரியைப் பார்த்ததும், கடன் எவ்வளவு என்ற வரியையும் தேடிப் படியுங்கள்.

மூன்றாம் படி: பங்கு என்று வைத்து மறுபடி போடுங்கள்

இப்போது அதே 100 விலைக்குப் பதிலாக, ஒரு பங்குக்கு ஒரு பங்கு என்று மாற்றுகிறார்கள். வாங்குபவரின் பங்கு விலை 100 என்பதால் இதுவும் 100 கொடுப்பது போலவே தோன்றும். செய்தியிலும் ‘400 கோடி மதிப்பிலான ஒப்பந்தம்’ என்றே வரும். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வாங்குபவர் 4 கோடிப் புதிய பங்குகள் வெளியிடுகிறார். மொத்தம் 14 கோடிப் பங்குகள். விற்றவர்கள் கையில் 14-இல் 4, அதாவது சுமார் 28.6 சதவீதம். பழைய பங்குதாரர் கையில் 71.4 சதவீதம். பணம் எதுவும் வெளியே போகவில்லை, ஆகவே இணைந்த நிறுவனத்தின் மதிப்பு 1,000 + 300 + சினர்ஜி. 150 கோடி சினர்ஜி முழுவதும் வந்தால் 1,450 கோடி. அதை 14 கோடியால் வகுத்தால் ஒரு பங்கு சுமார் 103.6. விற்றவருக்குக் கிடைத்தது 100 இல்லை, 103.6. சினர்ஜி எதுவும் வராவிட்டால் 1,300 கோடியை 14 கோடியால் வகுக்க வேண்டும்: சுமார் 92.9. அப்போதும் அவருக்குக் கிடைத்தது 100 இல்லை.

அறிவிப்புக்கு முந்தைய விலையால் பங்குகளின் எண்ணிக்கையைப் பெருக்கி ‘இதுதான் கொடுத்த விலை’ என்று எழுதிவைப்பதுதான் இந்தத் துறையில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கொடுத்தது இணைந்த நிறுவனத்தின் பங்கு. அதன் விலை, இணைப்பு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது. விற்றவரும் அந்த இணைப்பில் ஒரு பங்காளி.

பல நிலைமைகளுக்கும் போட்டுப் பார்த்தால் படம் தெளிவாகும். எல்லாம் கோடிகளில், முழு எண்ணுக்குச் சுருக்கியவை. விற்பவர் லாபம் என்பது முந்தைய சந்தை மதிப்பான 300 கோடிக்கு மேலே கிடைத்தது.

| சினர்ஜி | ரொக்கம்: வாங்குபவர் | ரொக்கம்: விற்பவர் | பங்கு: வாங்குபவர் | பங்கு: விற்பவர் |
|---|---|---|---|---|
| 300 | +200 | +100 | +143 | +157 |
| 150 | +50 | +100 | +36 | +114 |
| 100 | 0 | +100 | 0 | +100 |
| 0 | −100 | +100 | −71 | +71 |
| −50 | −150 | +100 | −107 | +57 |

நடு வரியைப் பாருங்கள். சினர்ஜி சரியாகப் பிரீமியத்துக்குச் சமமாக, 100 கோடியாக இருக்கும்போது ரொக்கமும் பங்கும் ஒரே முடிவைத் தருகின்றன. அதற்கு மேலே போனால் வாங்குபவருக்கு ரொக்கம்தான் நல்லது, ஏனென்றால் கிடைக்கும் அதிகப்படியை யாரோடும் பகிர வேண்டியதில்லை. அதற்குக் கீழே போனால் பங்கு நல்லது, ஏனென்றால் விற்றவரும் சேர்ந்து தாங்குகிறார். சூத்திரமாக எழுதினால்:

```
வாங்குபவர் லாபம் (பங்கு) = (சினர்ஜி − பிரீமியம்) × வாங்குபவர் கையில் இருக்கும் பங்கு விகிதம்
```

வாங்கும் நிறுவனத்தின் சொந்தப் பங்கு சரியான விலையில் இருந்து, பங்கு எண்ணிக்கை அறிவிப்பு நாளிலேயே முடிவாகியிருந்தால் இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தும். இரண்டில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும்; அவைதான் அடுத்த இரண்டு படிகள்.

அதற்கு முன் இங்கிருந்தே ஒரு விரைவான அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். சினர்ஜி ஒன்றுமே வராவிட்டால் வாங்குபவர் தன் மதிப்பில் எத்தனை சதவீதத்தை இழப்பார்? ரொக்கத்தில் 100-ஐ 1,000-ஆல் வகுக்க, 10 சதவீதம். பங்கில் அதில் 71.4 சதவீதம், அதாவது சுமார் 7.1. சிறிய நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் வாங்கும்போது இந்த எண் சிறியதாக இருக்கும். ஏறக்குறைய சம அளவுள்ள இரண்டு நிறுவனங்கள் சேரும்போது இது பயமுறுத்தும் அளவுக்குப் போகும். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் பங்கைக் கொடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அத்தனை பெரிய தொகையை ரொக்கமாகத் திரட்டவும் முடியாது.

நான்காம் படி: மாறாதது எது, எண்ணிக்கையா மதிப்பா?

அறிவிப்புக்கும் ஒப்பந்தம் முடிவதற்கும் நடுவில் பல மாதங்கள் ஓடும். பங்குதாரர் வாக்கெடுப்பு, போட்டி ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதல் எல்லாம் நடக்க வேண்டும். அந்த நாட்களில் வாங்குபவரின் பங்கு விலை ஆடும். அந்த ஆட்டம் யாருக்கு?

எண்ணிக்கை மாறாத ஒப்பந்தத்தில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு என்று எழுதிவிட்டால் அவ்வளவுதான். வாங்குபவரின் பங்கு 100-இலிருந்து 80-க்கு விழுந்தாலும் விற்பவருக்குக் கிடைப்பது அதே ஒரு பங்குதான். அவர் கையில் வரும் மதிப்பு குறைகிறது, ஆனால் இணைந்த நிறுவனத்தில் அவருக்குரிய 28.6 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆபத்து அறிவிப்பு நாளிலிருந்தே பகிரப்படுகிறது.

மதிப்பு மாறாத ஒப்பந்தத்தில் 100 மதிப்புள்ள பங்குகள் தருவதாக வாக்கு. விலை 80 ஆனால் ஒரு பங்குக்கு 1.25 பங்கு கொடுக்க வேண்டும். மொத்தம் 5 கோடிப் புதிய பங்குகள். விற்பவரின் உரிமை 15-இல் 5, மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. முடிவு நாள் வரை வாங்குபவர்தான் எல்லா ஆபத்தையும் தாங்குகிறார். பகிர்வு தொடங்குவது அதற்குப் பிறகே.

வாங்கும் நிறுவனத்தின் தொழிலே தளர்ந்து அதன் உண்மை மதிப்பு 800 கோடியாகிவிட்டது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். சினர்ஜி 150 கோடி வந்தால் இணைந்த மதிப்பு 1,250 கோடி. எண்ணிக்கை மாறாத ஒப்பந்தத்தில் விற்றவருக்கு அதில் சுமார் 357 கோடி. மதிப்பு மாறாத ஒப்பந்தத்தில் சுமார் 417 கோடி. ஒரே இணைப்பு, ஒரே சினர்ஜி. ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் மாறியதற்கு 60 கோடி கை மாறுகிறது.

இரண்டுக்கும் நடுவழியாக விலை வரம்பு வைப்பதும் உண்டு. வாங்குபவரின் பங்கு 90-க்கும் 110-க்கும் நடுவில் இருக்கும்வரை 100 மதிப்பு உறுதி, அதற்கு வெளியே போனால் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும் என்று எழுதுவார்கள். விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் விற்பவர் விலகிக்கொள்ளலாம் என்ற விதியும் சில ஒப்பந்தங்களில் இருக்கும். வரம்பு இருக்கிறதா, எந்த எண்களில் இருக்கிறது என்று ஒப்பந்த ஆவணத்திலேயே பாருங்கள். செய்திக்குறிப்பில் இது பெரும்பாலும் ஒரு அடைமொழியோடு கடந்துபோய்விடும்.

ஐந்தாம் படி: ஏன் பங்கு தருகிறார் என்று கேளுங்கள்

அட்டவணையிலிருந்தே ஒரு கேள்வி எழுகிறது. தன் சினர்ஜிக் கணக்கில் முழு நம்பிக்கை உள்ளவர், கடன் வாங்கும் வசதியும் உள்ளவர், ஏன் ரொக்கம் தராமல் பங்கு தர வேண்டும்? லாபத்தை ஏன் பகிர வேண்டும்? இரண்டு சந்தேகங்கள் வரும். ஒன்று, 150 கோடி வரும் என்று அவரே முழுசாக நம்பவில்லை. மற்றொன்று, தன் பங்கின் சந்தை விலை அதிகம் என்று அவருக்குத் தெரியும். விலை உயர்ந்திருக்கும்போதே அதை நாணயமாகப் பயன்படுத்துகிறார்.

இரண்டாவதைக் கணக்கில் பார்ப்போம். சந்தையில் 100-க்குப் போகும் அந்தப் பங்கின் உண்மையான மதிப்பு 80 மட்டுமே, ஆனால் வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு பங்குக்கு ஒரு பங்கு. சினர்ஜி 150 கோடியும் சொன்னபடி வந்துவிட்டது. மொத்தம் 1,250 கோடி, 14 கோடிப் பங்குகள், ஒரு பங்கு சுமார் 89.3. வாங்குபவரின் பழைய பங்குதாரர் 80-இலிருந்து 89.3-க்கு வருகிறார், அவருக்குச் சுமார் 93 கோடி லாபம். விற்றவருக்கு 400 கோடி என்று சொல்லப்பட்டது, கிடைத்தது சுமார் 357 கோடி. இணைப்பு வெற்றி, சினர்ஜி முழுமை, இருந்தும் பிரீமியத்தில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போய்விட்டது.

பங்கு கொடுத்து வாங்குவதாக அறிவித்த நாளில் வாங்கும் நிறுவனத்தின் விலை சரிவது அடிக்கடி நடக்கும். சந்தையும் இதே இரண்டு சந்தேகங்களைப் படுகிறது என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் எல்லாப் பங்கு ஒப்பந்தத்தையும் சந்தேகிக்கத் தேவையில்லை. அளவு பெரியதாக இருந்தால் வேறு வழியே இருக்காது. பல நாடுகளில் ரொக்கம் வாங்கினால் லாபத்துக்கு உடனே வரி, பங்கு வாங்கினால் அதை விற்கும்போதுதான் வரி என்ற விதி இருப்பதால் விற்பவரே பங்கு கேட்பதும் உண்டு. விற்கப்படும் நிறுவனத்தில் என்ன குறை ஒளிந்திருக்கிறது என்று வாங்குபவருக்குப் பயம் இருந்தால், அந்தக் குறையின் ஒரு பகுதியை விற்பவரே சுமக்கட்டும் என்று பங்கு தருவதும் நியாயமானதே.

வாங்கும் நிறுவனத்தின் பங்கு வைத்திருப்பவர் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. நியூயார்க் பங்குச் சந்தை விதிப்படி, ஏற்கனவே உள்ள பங்குகளில் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் புதிதாக வெளியிட வேண்டுமானால் பொதுவாக வாங்கும் நிறுவனத்தின் பங்குதாரர்களும் வாக்களிக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது 40 சதவீதம். ரொக்கத்தில் இந்த வாக்கு வராது. அதிக ஆபத்தைத் தனியாகத் தாங்கும் பங்குதாரருக்குத்தான் பேச வாய்ப்பு குறைவு என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது.

நிஜத்தில் ஒரு முறை

2000 ஜனவரியில், அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏ.ஓ.எல்., ஊடக நிறுவனமான டைம் வார்னரை வாங்கும் இணைப்பு அறிவிக்கப்பட்டது. முழுவதும் பங்கு. ஏ.ஓ.எல். பங்குதாரருக்குப் புதிய நிறுவனத்தில் ஒரு பங்குக்கு ஒன்று, டைம் வார்னர் பங்குதாரருக்கு ஒரு பங்குக்கு ஒன்றரை. உரிமை 55-க்கு 45. எண்ணிக்கை மாறாதது, விலை வரம்பு எதுவும் கிடையாது. அறிவிப்பின்போது ஏ.ஓ.எல். பங்கு சுமார் 73 டாலர், ஆகவே ஒன்றரைப் பங்கு சுமார் 110 டாலர். ஒப்புதல்கள் முடிந்து 2001 ஜனவரியில் ஒப்பந்தம் நிறைவேறியபோது ஏ.ஓ.எல். பங்கு சுமார் 47 டாலர். ஒன்றரைப் பங்கு சுமார் 70 டாலர். இணைந்த நிறுவனம் ஒரு நாள்கூட நடக்கும் முன்பே டைம் வார்னர்காரருக்குச் சொன்ன மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. நான்காம் படியில் பார்த்த ஒரே வாக்கியத்தின் வேலை அது.

பிறகு, இணைய நிறுவனங்களின் பங்கு விலைகளை அளவுக்கு மீறி ஏற்றிவைத்திருந்த இணையக் குமிழி முழுசாக உடைந்தது. 2002-இல் மட்டும் இணைந்த நிறுவனம் கிட்டத்தட்ட 99 பில்லியன் டாலர் நட்டம் காட்டியது; அதில் பெரும்பகுதி, அதிகமாக மதிப்பிட்ட நன்மதிப்பை, அதாவது வாங்கிய சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த விலையாகக் கணக்கில் இருந்த தொகையை, கழித்தது. இதில் 45 சதவீதம் தாங்கியவர்கள், பழைய டைம் வார்னர் பங்குகளைக் கொடுத்துப் புதியதை வாங்கி வைத்திருந்தவர்கள். ஏ.ஓ.எல். பங்குதாரருக்கும் நட்டம்தான். ஆனால் குமிழி உச்சத்தில் இருந்த தங்கள் பங்கைக் கொடுத்து, அதிக வருவாய் ஈட்டிய பத்திரிகை, கேபிள், திரைப்படத் தொழில்களில் 55 சதவீத உரிமையைப் பெற்றார்கள். தனியாக இருந்திருந்தால் அவர்கள் நிலை இன்னும் மோசமாகியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஐந்தாம் படியின் கணக்கை மிகப் பெரிய அளவில் போட்டது போல இருக்கும் இந்த இணைப்பு.

கலவையாக வந்தால்

பாதி ரொக்கம், பாதி பங்கு என்றால் அஞ்ச வேண்டாம். நம் உதாரணத்தில் 50 ரொக்கம், அரைப் பங்கு என்று வைத்தால் 200 கோடி வெளியே போகிறது, 2 கோடிப் புதிய பங்குகள் வருகின்றன. விற்றவரின் உரிமை 12-இல் 2, சுமார் 16.7 சதவீதம். சினர்ஜி வராவிட்டால் 1,300-இல் 200 போக 1,100 கோடி, பங்கு ஒன்று சுமார் 91.7, வாங்குபவருக்குச் சுமார் 83 கோடி நட்டம், ரொக்கத்தின் 100-க்கும் பங்கின் 71-க்கும் நடுவே. பங்குதாரர் தனக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லும் ஒப்பந்தங்களில், எல்லோரும் ரொக்கமே கேட்டால் விகிதப்படி குறைத்துக் கொடுப்பார்கள் என்ற விதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

கடைசியாக, விற்கப்படும் நிறுவனத்தின் பங்கு வைத்திருக்கும் பலர் கேட்கும் கேள்வி: பங்கு கைக்கு வந்ததும் விற்றுவிட்டால் ரொக்கம் வாங்கியதற்குச் சமம்தானே? அன்றிலிருந்து பின்னால் வரும் ஆபத்து நீங்கும், அது சரி. ஆனால் நீங்கள் விற்கும் விலையிலேயே, சினர்ஜியில் எவ்வளவு வரும் என்று அன்றைக்குச் சந்தை நினைப்பதும், அறிவிப்பு நாளிலிருந்து நடந்த சரிவும் ஏற்கனவே அடங்கியிருக்கும். சினர்ஜி வராது என்று சந்தை முடிவு கட்டியிருந்தால் உங்களுக்கு 92.9 கிடைக்கும், 100 கிடைக்காது. 100-க்கு அருகில் கைமாற்ற வேண்டுமானால் அறிவிப்பு வந்தவுடனேயே உங்கள் பழைய பங்கை விற்க வேண்டும். அப்போதும் ஒப்பந்தம் முடியுமா என்ற சந்தேகத்துக்காகச் சந்தை கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.